ஒரு பழைய பட்டமும் ஐந்து புது டிப்ளமாக்களும்

என்னோடு முன்பு ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்த அக்கா ஒருவர் தன் ரெஸ்யூமேயை அனுப்பி, "கல்விப் பகுதியை மட்டும் பார்த்துச் சொல்லு, மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று கேட்டார். அவருக்கு 52 வயது. 1993-ல் வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்தவர். 1995-லிருந்து தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில்தான் வேலை, இப்போது தொழிற்சாலைப் பாதுகாப்புப் பக்கம் போக நினைக்கிறார். வேலை முடிந்து வந்து ராத்திரியில் படித்தே நாலைந்து வருஷத்தில் ஐந்து டிப்ளமா வரை வந்திருக்கிறார், அதில் ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. பாதுகாப்பு, சுகாதாரம், சுற்றுச்சூழல் மூன்றையும் சேர்த்துக் கவனிக்கிற மேலாளர் பதவிக்கு எட்டு இடத்தில் விண்ணப்பித்தும் ஒரு இடத்திலிருந்துகூடக் கூப்பிடவில்லை.

நான் பல வருஷம் ஆளெடுக்கிற வேலையில் இருந்தவன், ரெஸ்யூமேக்களைப் படித்து யாரைக் கூப்பிடலாம் என்று பிரித்து வைப்பதுதான் என் பாதி நாள் வேலை. அக்கா அனுப்பியதில் கல்விப் பகுதி இப்படி இருந்தது.

கல்வி
மனிதவள மேலாண்மை டிப்ளமா, 2024 (தொடர்கிறது)
தரவுப் பகுப்பாய்வு டிப்ளமா, 2023
சுற்றுச்சூழல் மேலாண்மை டிப்ளமா, 2022
தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதார டிப்ளமா, 2021
டிஜிட்டல் மார்க்கெட்டிங் டிப்ளமா, 2020
பி.எஸ்ஸி., 1993, முதல் வகுப்பு
பள்ளி இறுதித் தேர்வு, 1990, 84%

இதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. கடைசியாகப் படித்தது மேலே, முதலில் படித்தது கீழே என்று எல்லோரும் சொல்கிற விதியையும் அவர் சரியாகத்தான் பின்பற்றியிருக்கிறார். ஆனால் அதே விதிதான் இந்த மாதிரி ஆட்களுக்குக் குழி பறிக்கிறது. இருபத்தைந்து வயசுக்காரருக்கு அது ஒத்துவரும், ஏனென்றால் அவர் கடைசியாகப் படித்ததுதான் பெரும்பாலும் அவருடைய பெரிய படிப்பாகவும் இருக்கும். முப்பது வருஷத்துக்கு முன்னால் பட்டம் வாங்கி, இப்போது வரிசையாக டிப்ளமா வாங்கியவருக்குக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. எடை கூடிய பட்டம் அடியில் போய்விடுகிறது, முடிக்காத படிப்பு தலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பாதுகாப்பு மேலாளரைத் தேடுகிற ஒருவர் இந்தப் பட்டியலை மேலிருந்து படிக்கும்போது முதலில் பார்ப்பது மனிதவளம், அப்புறம் தரவு. "இவர் எந்தப் பக்கம் போக நினைக்கிறார்?" என்ற கேள்வி அங்கேயே வந்துவிடும். நான்காவது வரியில் பாதுகாப்பு வரும்போது அவர் பாதிக் கவனத்தோடுதான் இருப்பார். ஐந்து டிப்ளமா ஐந்து திசையில் இருப்பதால் உழைப்பு தெரிவதைவிடத் தடுமாற்றம்தான் முதலில் தெரிகிறது. இதை அக்காவிடம் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது, ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எத்தனை ராத்திரி போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கல்விப் பகுதியைப் படிக்கிறவர் அதில் இரண்டு விஷயத்தைத்தான் தேடுகிறார். விளம்பரத்தில் கேட்ட அடிப்படைத் தகுதி இருக்கிறதா என்பது ஒன்று. இந்த வேலைக்கு வேண்டியதைச் சமீபத்தில் படித்திருக்கிறாரா என்பது இன்னொன்று. அக்கா இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் கலந்துவிட்டார். அதனால் நாங்கள் முதலில் செய்தது ஒரு தலைப்பை இரண்டாக உடைத்ததுதான். மேலே 'கல்வி', அதில் பட்டம் மட்டும். அதற்குக் கீழே 'தொழில்சார் படிப்புகள்', டிப்ளமாக்களும் குறுகிய பயிற்சிகளும் அங்கே.

இந்தப் பிரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறைய நிறுவனங்களில் விண்ணப்பங்களை வாங்கி, அதிலிருக்கும் விவரங்களைப் பிரித்து அட்டவணையாக்குவது ஒரு மென்பொருள். அது 'கல்வி' மாதிரி வழக்கமான தலைப்பைத் தேடி அதன் கீழிருக்கும் வரிகளை எடுத்துக்கொள்ளும். பட்டம் அங்கே முதல் வரியிலேயே முழுப் பெயரோடு இருந்தால் தவறு நடக்க வாய்ப்பு குறைவு. வெறும் 'பி.எஸ்ஸி.' என்று எழுதாமல் 'வேதியியலில் இளநிலை அறிவியல் பட்டம் (பி.எஸ்ஸி.)' என்று இரண்டு வடிவத்தையும் சேர்த்து எழுதச் சொன்னேன். தேடுகிறவர் எந்த வடிவத்தைத் தட்டித் தேடுவார் என்று நமக்குத் தெரியாது. அதுபோக, அக்காவின் பழைய வரியில் வேதியியல் என்ற சொல்லே இல்லை! பாதுகாப்பு வேலைக்கு அவருடைய பெரிய பலமே அந்தச் சொல்தான். தீப்பிடிக்கும் கரைப்பான், அமிலம், வாயு உருளை என்று இருக்கும் தொழிற்சாலையில் வேதியியல் படித்த ஒருவர் பாதுகாப்பைப் பார்க்க வருகிறார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. பட்டம் பழையதாகிவிட்டதே என்ற கூச்சத்தில் அந்த வரியைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் பாடத்தின் பெயரையே விட்டுவிட்டிருக்கிறார்.

விண்ணப்பப் படிவத்தில் 'உயர்ந்தபட்சக் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் வருமே, அதில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். "டிப்ளமா, அதுதானே கடைசியா படிச்சது" என்றார். உயர்ந்தபட்சம் என்றால் மிக மேல் நிலையில் உள்ளது, கடைசியாகப் படித்தது கிடையாது. பட்டப்படிப்பு கட்டாயம் என்று சொல்லும் வேலைக்கு அந்தக் கட்டத்தில் டிப்ளமா என்று போட்டால், மனிதர் யாரும் ரெஸ்யூமேயைத் திறப்பதற்கு முன்பே வடிகட்டியில் நின்றுவிடலாம். எட்டு விண்ணப்பத்தில் எத்தனை அப்படி நின்றதோ, இனி கண்டுபிடிக்க வழியில்லை. பட்டத்துக்குப் பிறகு முதுநிலை டிப்ளமா படித்தவர்களுக்கு இது கொஞ்சம் மாறும். பட்டம் இருந்தால்தான் சேரவே முடியும் என்கிற டிப்ளமா என்றால் அது பட்டத்துக்கு மேல் வரியில் 'கல்வி'யிலேயே நிற்கலாம். அக்காவுடைய ஐந்தும் அப்படிப்பட்டவை கிடையாது, பள்ளி முடித்தவர்களும் சேரக்கூடியவை.

சரி, பள்ளி இறுதித் தேர்வையும் 84 சதவீதத்தையும் எடுத்துவிட்டோம், முதல் வகுப்பையும் எடுத்தாயிற்று. பட்டம் இருக்கும்போது பள்ளி எதற்கு? இருபத்தொன்பது வருஷம் ஆய்வகத்தில் நின்றவரை யாரும் மதிப்பெண்ணை வைத்து எடைபோடப் போவதில்லை. இதில் பெரிய விவாதம் எதுவும் எழவில்லை.

விவாதம் வந்தது 1993 என்ற அந்த எண்ணில்தான்.

"வருஷத்தைப் போட்டா வயசு தெரிஞ்சிடும், எடுத்தா மறைக்கிறேன்னு நினைப்பாங்க. நான் என்னதான் பண்ண?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழைய பட்டத்தின் வருஷத்தை எடுத்துவிடுங்கள் என்று பொதுவாக எல்லோரும் சொல்வதுண்டு. எடுப்பதில் தவறில்லை, ரெஸ்யூமே என்பது சத்தியப் பிரமாணம் கிடையாது, எதைச் சொல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுக்க நமக்கு உரிமை உண்டு. மாற்றி எழுதுவதுதான் குற்றம். ஆனால் அரைகுறையாக எடுப்பதில் பயன் இல்லை என்பது என் அனுபவம். ஐந்து வரியில் 2020, 2021, 2022 என்று வருஷம் வரிசையாக நின்று, ஆறாவதில் மட்டும் காலியாக இருந்தால் கண் நேராக அந்தக் காலி இடத்துக்குத்தான் போகும். தலைப்பைப் பிரித்ததில் இதுவும் சரியாயிற்று. 'கல்வி' என்ற தலைப்பில் ஒரே வரி, அதில் வருஷம் இல்லை, பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வரியும் இல்லை. 'தொழில்சார் படிப்புகள்' தலைப்பில் எல்லா வரியிலும் வருஷம் உண்டு, அங்கே வருஷம்தான் பலமே, இவை சமீபத்தில் படித்தவை என்று அதுதான் சொல்கிறது.

இத்தோடு முடியவில்லை. பட்டத்தின் வருஷத்தை எடுத்துவிட்டு, அனுபவப் பகுதியில் 1995-லிருந்து ஒவ்வொரு பதவியாக வருஷத்தோடு எழுதியிருந்தால் எடுத்ததில் அர்த்தமே இல்லை. அக்காவுடையதில் அப்படித்தான் இருந்தது. போதாக்குறைக்கு, முதல் பக்கத்துச் சுருக்கத்தில் '29 ஆண்டு அனுபவம்' என்று இருந்தது, மின்னஞ்சல் முகவரியில் பிறந்த வருஷமே இருந்தது. ஆகவே இது கல்விப் பகுதியில் மட்டும் எடுக்கிற முடிவு இல்லை. ஒன்று, எல்லா இடத்திலும் முழுக் காலத்தையும் காட்டுவது, அப்போது பட்டத்துக்கும் வருஷம் போட்டுவிடலாம், ஒளிக்க எதுவும் இல்லை. இல்லையென்றால் அனுபவத்தில் கடைசிப் பதினைந்து வருஷத்தை விரித்து எழுதி, அதற்கு முந்தையதை 'முந்தைய அனுபவம்' என்று வருஷம் இல்லாமல் ஒரே வரியில் முடித்து, சுருக்கத்தில் '15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம்' என்று எழுதி, பட்டத்தின் வருஷத்தையும் எடுப்பது. எனக்கென்னவோ பாதுகாப்பு வேலைக்கு நீண்ட அனுபவம் நல்லதுதான் என்று தோன்றியது, முழுதும் காட்டலாம் என்றேன். அக்கா யோசித்துவிட்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 1995-லிருந்து சில வருஷம் அவர் பார்த்தது உதவியாளர் வேலை, அதை விரித்துச் சொல்வதில் இந்தப் பதவிக்கு எந்தப் பலனும் இல்லை என்பது அவர் வாதம். அதுவும் சரிதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். ஆன்லைன் படிவத்தில் வருஷம் கட்டாயம் என்று கேட்டால் உண்மையான வருஷத்தைப் போட்டுவிட வேண்டும். ரெஸ்யூமேயில் இல்லாதது படிவத்தில் இருந்தால் அதில் முரண் எதுவும் இல்லை. ரெஸ்யூமேயில் ஒரு வருஷமும் படிவத்தில் வேறு வருஷமும் இருந்தால்தான் முரண். வேலை உறுதியான பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும்போது இதுதான் தலைவலியாகும். நல்ல எண்ணத்தோடு எழுதியவர்களுக்கே இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கடைசித் தேர்வு எழுதியது ஒரு வருஷம், பட்டமளிப்பு அடுத்த வருஷம், ஒரு இடத்தில் இதையும் இன்னொரு இடத்தில் அதையும் எழுதிவிடுவார்கள். சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு, தேர்ச்சி பெற்ற வருஷமாக அதில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுத வேண்டும். படித்த கல்லூரியின் பெயர் இந்த முப்பது வருஷத்தில் மாறியிருந்தால், சான்றிதழில் உள்ள பெயரை எழுதி அடைப்புக்குறிக்குள் 'இப்போது' என்று போட்டுப் புதுப் பெயரைச் சேர்க்கலாம். சரிபார்க்கிறவர் புதுப் பெயரில்தான் கல்லூரியைத் தேடுவார், பழைய பெயரில்தான் பதிவேடு இருக்கும். அக்காவுக்குச் சான்றிதழில் ஒரு பெயர், கல்யாணத்துக்குப் பிறகு வேறு பெயர். இதை ரெஸ்யூமேயில் சொல்லத் தேவையில்லை, சரிபார்ப்புப் படிவத்தில் 'முந்தைய பெயர்' என்ற கட்டம் இருக்கும், அங்கே மறக்காமல் எழுதினால் போதும்.

இனி டிப்ளமாக்கள். எனக்கு இங்கேதான் அதிக நேரம் ஆயிற்று.

டிப்ளமா என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டம் என்றால் படிக்கிறவர் மனதில் ஏறக்குறைய ஓர் அளவு வந்துவிடும். டிப்ளமா என்றால் வராது. மூன்று வருஷம் முழுநேரமாகப் படிப்பதும் டிப்ளமாதான், ஆறு வாரம் காணொளி பார்த்துவிட்டு அச்சடித்துக்கொள்வதும் சில இடங்களில் டிப்ளமாதான். பெயரையும் வருஷத்தையும் மட்டும் எழுதினால், படிக்கிறவர் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு அளவை வைத்துக்கொள்வார், பெரும்பாலும் அது சின்ன அளவாகத்தான் இருக்கும். அக்காவின் பாதுகாப்பு டிப்ளமா ஒரு வருஷம், எழுத்துத் தேர்வு உண்டு, திட்ட அறிக்கை உண்டு. டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆறு வாரம், தேர்வே கிடையாது. பட்டியலில் இரண்டும் ஒரே அளவில், ஒரே மாதிரி நின்றன. அதனால் ஆறு வாரப் படிப்பு மேலே ஏறவில்லை, ஒரு வருஷப் படிப்புதான் கீழே இறங்கிவிட்டது.

இதற்கு வழி, ஒவ்வொரு டிப்ளமாவுக்குப் பக்கத்திலும் அதன் அளவைச் சொல்வது. எத்தனை மாதம், அல்லது எத்தனை மணி நேரம், தேர்வு இருந்ததா, திட்டம் செய்தார்களா. கிரெடிட் கணக்கு இருக்கும் படிப்பு என்றால் அதையும் போடலாம். உதாரணமாக ஐரோப்பிய முறையில் ஒரு வருஷ முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, அந்த முறை தெரிந்தவருக்கு எண்ணைப் பார்த்தாலே எடை புரிந்துவிடும். உங்கள் நாட்டில் தகுதிகளுக்கு நிலை எண் கொடுக்கும் வழக்கம் இருந்து, அது சான்றிதழிலும் அச்சாகியிருந்தால் அந்த எண்ணையும் எழுதுங்கள். அச்சாகாததை நாமாகக் கணக்குப் போட்டு எழுதக் கூடாது. அதே மாதிரி, சான்றிதழில் 'பங்கேற்புச் சான்று' என்று இருப்பதை ரெஸ்யூமேயில் டிப்ளமா என்று உயர்த்துவதும் கூடாது. சரிபார்ப்பில் முதலில் உடைவது அதுதான்.

அப்புறம் எதை வைப்பது, எதை எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் அக்காவிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இந்தப் படிப்பை வைத்து வேலையில் என்ன செய்தீர்கள்?

பாதுகாப்பு டிப்ளமாவைக் கேட்டதும் மனிதர் பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினார். திட்டத்துக்காகத் தன் ஆய்வகத்தின் கரைப்பான் சேமிப்பு அறையையே எடுத்து ஆபத்து மதிப்பீடு செய்திருக்கிறார், எந்தக் கரைப்பான் எந்த வெப்பநிலையில் தீப்பிடிக்கும் ஆவியைக் கொடுக்கும், எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது, காற்றோட்டம் போதுமா என்று. அப்புறம் அந்த அறையில் இருந்த 140 ரசாயனங்களுக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்கிறதா, 16 பிரிவுகளும் நிரப்பப்பட்ட புதிய பதிப்பா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றியிருக்கிறார். இது எதுவும் ரெஸ்யூமேயில் எங்கேயும் இல்லை! கல்விப் பகுதியிலும் இல்லை, அனுபவப் பகுதியிலும் இல்லை. "அது படிப்புக்காகச் செஞ்சதுதானே" என்றார். படிப்புக்காகத் தொடங்கினாலும், செய்தது நிஜமான அறையில், நிஜமான ரசாயனங்களை வைத்து. திட்டத்தின் பெயரை டிப்ளமா வரிக்குக் கீழே ஒரு வரியாகச் சேர்த்தோம், 140 தாள்கள் பற்றியதை அனுபவப் பகுதியில் இப்போதைய பதவிக்குக் கீழே போட்டோம். அரை வரி அங்கே, அரை வரி இங்கே, ஆனால் படிக்கிறவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்.

சுற்றுச்சூழல் டிப்ளமாவை வைத்து கழிவு ரசாயனங்களைப் பிரிக்கும் முறையை மாற்றியிருக்கிறார். அது இருக்கட்டும். தரவுப் பகுப்பாய்வைக் கேட்டபோது கொஞ்சம் தயங்கி, விபத்துப் பதிவேட்டிலிருந்து எந்த ஷிஃப்டில் சிறு விபத்துகள் அதிகம் என்று ஒருமுறை வரைபடம் போட்டதாகச் சொன்னார். அதுவும் இருக்கட்டும், கடைசி வரியாக. மனிதவளம் இன்னும் இரண்டு தாள் பாக்கி, இந்த வேலையோடு தொடர்பும் இல்லை, எடுத்துவிட்டோம். முடியாத படிப்பு இந்த வேலைக்கு நேராகத் தேவையானது என்றால் 'நிறைவு எதிர்பார்ப்பு' என்று மாதமும் வருஷமும் போட்டு வைக்கலாம். வெறுமனே 'தொடர்கிறது' என்று மட்டும் எழுதினால் பாதியில் விட்டதா, நடக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

டிஜிட்டல் மார்க்கெட்டிங்கைப் பற்றிக் கேட்டதும் அவரே சிரித்துவிட்டு, "எடுத்துடு" என்றார்.

இதற்கெல்லாம் நடுவில் வேறொன்று கிடைத்தது. ரெஸ்யூமேயின் கடைசிப் பக்கத்தில் 'இதர விவரங்கள்' என்ற தலைப்புக்குக் கீழே, தெரிந்த மொழிகளுக்குப் பக்கத்தில், 'ஐஎஸ்ஓ 45001 உள் தணிக்கையாளர் பயிற்சி' என்று ஒரு வரி. மூன்று நாள் பயிற்சி, கடைசி நாள் தேர்வு. டிப்ளமா இல்லை என்பதால் கல்வியில் சேர்க்கவில்லையாம். ஐஎஸ்ஓ 45001 என்பது 2018-ல் வெளியான, தொழில் பாதுகாப்பு, சுகாதார மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை. பாதுகாப்பு மேலாளரைத் தேடும் விளம்பரங்களில் அந்த எண் பெயரோடு கேட்கப்படுவது சகஜம். அக்கா விண்ணப்பித்த எட்டு விளம்பரங்களையும் திறந்து பார்த்தோம், ஐந்தில் அது இருந்தது. ஆறு மாதம் படித்த டிப்ளமாவின் பெயர் ஒன்றில்கூட இல்லை. மூன்று நாள் பயிற்சியை இரண்டாவது வரிக்கு ஏற்றினோம். படித்த காலம் நமக்குத்தான் பெரிசாகத் தெரியும், வேலை கொடுக்கிறவர் தனக்கு எது தேவையோ அதைத்தான் பார்ப்பார், இதை ஏற்றுக்கொள்ள அக்காவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சிலவகைச் சான்றிதழ்களுக்குக் காலாவதித் தேதி இருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டிப்ளமா வாங்கினால் வாங்கியதுதான், அது காலாவதியாகாது. ஆனால் தொழில்முறைச் சான்றிதழ்கள் பல அப்படி இல்லை, திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி சான்றிதழ் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும், அதற்குள் 60 புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு வகையையும் கலந்து எழுதும்போது காலாவதியானது ஒன்று நடுவில் நின்றுவிட வாய்ப்பு உண்டு. சான்றிதழ் உயிரோடு இருந்தால் எதுவரை செல்லும் என்று போடுங்கள், போய்விட்டதென்றால் புதுப்பியுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள்.

கடைசியில் அந்தப் பகுதி இப்படி வந்தது. நிறுவனங்களின் பெயரை இங்கே எடுத்துவிட்டேன்.

கல்வி
வேதியியலில் இளநிலை அறிவியல் பட்டம் (பி.எஸ்ஸி.), கல்லூரியின் பெயர்

தொழில்சார் படிப்புகள்
தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதார டிப்ளமா, நிறுவனத்தின் பெயர், 2021. ஓராண்டு, எழுத்துத் தேர்வும் திட்ட அறிக்கையும்
திட்டம்: கரைப்பான் சேமிப்பு அறையின் ஆபத்து மதிப்பீடு
ஐஎஸ்ஓ 45001 உள் தணிக்கையாளர் பயிற்சி, நிறுவனத்தின் பெயர், 2022. 3 நாள், தேர்வுடன்
சுற்றுச்சூழல் மேலாண்மை டிப்ளமா, நிறுவனத்தின் பெயர், 2022. ஓராண்டு
தரவுப் பகுப்பாய்வு டிப்ளமா, நிறுவனத்தின் பெயர், 2023. 6 மாதம்

இரண்டாவது தலைப்பில் வரிசை வருஷப்படி இல்லை, தேவைப்படி இருக்கிறது. 2021 மேலே, 2023 கீழே. இதை யாராவது குறையாகச் சொல்வார்களா என்று அக்கா பயந்தார். தலைப்பு 'கல்வி' என்று இருந்தால் கால வரிசையை எதிர்பார்ப்பார்கள், 'தொழில்சார் படிப்புகள்' என்று இருக்கும்போது முக்கியமானது முதலில் வருவதை நான் பார்த்த யாரும் குறையாக எடுத்ததில்லை.

இந்தப் பகுதி முழுவதும் அனுபவத்துக்குக் கீழேதான் இருக்கிறது. டிப்ளமாக்களைக் காட்ட வேண்டும் என்பதற்காகக் கல்வியை மேலே தூக்கி வைக்க அக்கா நினைத்தார், வேண்டாம் என்றேன். கல்வி மேலே இருந்தால் இப்போதுதான் படித்து வந்தவர் மாதிரித் தோற்றம் வந்துவிடும். அதற்குப் பதிலாக முதல் பக்கத்துச் சுருக்கத்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தோம்: 'வேதியியல் பட்டமும் தொழில் பாதுகாப்பில் டிப்ளமாவும் (2021) பெற்றவர், ஆய்வகத்தில் 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம்.' துறை மாறுகிறவருக்கு அது போதும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சின்னச் சோதனை செய்தோம். கோப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்தி, வெறும் எழுத்து மட்டும் காட்டும் நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பது. பழைய கோப்பில் டிப்ளமாக்கள் இரண்டு பத்தி அட்டவணையில் இருந்தன, இடப்பக்கம் ஒரே கட்டத்தில் எல்லாப் பெயரும், வலப்பக்கம் ஒரே கட்டத்தில் எல்லா வருஷமும். ஒட்டியபோது பெயர்கள் எல்லாம் முதலில் வந்து, வருஷங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் மொத்தமாக வந்து விழுந்தன. மென்பொருளும் அதை அப்படியே படித்திருந்தால் எந்த வருஷத்தை எந்தப் படிப்போடு சேர்த்திருக்குமோ. பெயர், நிறுவனம், வருஷம் மூன்றையும் அட்டவணை இல்லாமல் ஒரே வரியில் போட்டதும் சரியாகிவிட்டது. டிப்ளமா கொடுத்த நிறுவனம் ஒன்று தந்த வண்ணச் சின்னத்தையும் அக்கா ஒட்டியிருந்தார், நோட்பேடில் அது சுவடே இல்லை, ஏனென்றால் அது படம். அதையும் எடுத்தோம்.

ஐந்து டிப்ளமா, பயிற்சிகள், பள்ளி, மதிப்பெண், சான்றிதழ் எண், தேர்ச்சி வருஷம் எல்லாம் அடங்கிய முழுப் பட்டியல் ஒன்றைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், அது யாருக்கும் அனுப்புவதற்கு இல்லை. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதிலிருந்து எடுத்து அடுக்கிக்கொள்வதற்கு. புதிய வடிவத்தில் விண்ணப்பித்த மூன்றாவது இடத்திலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல் கேள்வியே அந்தக் கரைப்பான் அறையைப் பற்றித்தானாம். பட்டம் எந்த வருஷம் என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார், 1993 என்று சொன்னாராம், அவரும் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம். முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் வேறொரு விளம்பரம் வந்திருக்கிறது, விபத்துத் தரவுகளை அலசும் பொறுப்பு அதில் பெரிதாக இருக்கிறது. நேற்று ராத்திரி அக்கா அனுப்பிய புதுப் பிரதியில் தரவுப் பகுப்பாய்வு டிப்ளமா இரண்டாவது வரிக்கு வந்திருந்தது, அதற்குக் கீழே ஷிஃப்ட் வாரியாகப் போட்ட வரைபடத்தைப் பற்றி ஒரு வரி. என்னிடம் கேட்காமல் அவரே அடுக்கியது.